கொப்புள நோய்ப் புள்ளிகளின் வடிவம்: சுற்றுப்பெட்டியா, மையத் திருப்புதிறனா?

ஹட்டன் பகுதித் தேயிலை இலைகளின் படங்களிலிருந்து கொப்புள நோய்ப் புள்ளிகளைக் கறுப்பு வெள்ளையாகப் பிரித்தெடுத்தபோது, ஒவ்வொரு புள்ளியின் வடிவத்தையும் எண்களில் குறிக்க இரண்டு வழிகளை ஒப்பிட்டு, மையத் திருப்புதிறன்களைத் தெரிவுசெய்தேன். புள்ளி இலையின் எந்த இடத்தில் இருந்தாலும், கமரா கிட்ட இருந்தாலும் எட்ட இருந்தாலும், எண்கள் மாறாதிருக்க வேண்டும் என்பதே தேவை.

புள்ளியை அடக்கும் மிகச் சிறிய செவ்வகமான சுற்றுப்பெட்டி எளிது: அகல உயர விகிதத்தையும் பெட்டி நிரம்பிய அளவையும் எடுத்தால் போதும். ஆனால் நான்கு பிக்சல்களாலான L வடிவத்துக்கும் T வடிவத்துக்கும் அது ஒரே விடையைத் தருகிறது: இரண்டுக்கும் பெட்டி 2×3, நிரம்பல் 4/6.

திருப்புதிறன் முறையில் முதலில் பிக்சல் ஆயங்களின் சராசரியாக மையப்போலி கணிக்கப்படுகிறது. அங்கிருந்தே தூரங்களை அளப்பதால் இடமாற்றம் தானாகவே நீங்கிவிடுகிறது. x விலகல்களின் வர்க்கங்களின் கூட்டுத்தொகை μ20, y விலகல்களின் வர்க்கங்களின் கூட்டுத்தொகை μ02, இரு விலகல்களின் பெருக்கங்களின் கூட்டுத்தொகை μ11. (0,0), (0,1), (0,2), (1,2) என்ற L வடிவத்தில் மையப்போலி (0.25, 1.25); μ20 = 0.75, μ02 = 2.75, μ11 = 0.75. நடுப் பிக்சல் வெளியே நீட்டிய T வடிவத்தில் μ11 பூச்சியம். பெட்டி காணாத வேறுபாடு இங்கே தெரிகிறது.

என் தெரிவை உறுதிப்படுத்தியது அளவுமாற்றத்தைக் கையாளும் விதமே. கவனம் வேண்டிய இடமும் அதுதான். இந்த இரண்டாம் வரிசைத் திருப்புதிறன்களைப் பரப்பின், அதாவது பிக்சல் எண்ணிக்கையின், வர்க்கத்தால் வகுத்து η எனும் எண்களாக்கினால் அளவின் தாக்கம் நீங்கும் என்பது விதி. ஆனால் மேற்கண்ட L வடிவத்தை இரு மடங்காக்கி, ஒவ்வொரு பிக்சலையும் 2×2 ஆக்கினால், η20 0.0469 இலிருந்து 0.0625 ஆக உயர்கிறது. η11 மாத்திரம் மாறவில்லை. பிக்சலைப் பரப்பற்ற ஒரு புள்ளியாக எண்ணி, அது பரப்புள்ள சதுரம் என்பதை விட்டுவிடுவதே காரணம். ஒரு சதுரப் பிக்சல் தன் மையத்தைச் சுற்றி 1/12 பங்களிக்கிறது. அதை ஒவ்வொரு பிக்சலுக்கும் μ20, μ02 இரண்டிலும் கூட்டினால், சிறிய L, பெரிய L இரண்டுக்கும் η20 சரியாக 0.0677 என வருகிறது. பெரிய உருவங்களில் இத்திருத்தம் புறக்கணிக்கத்தக்கது. பத்துப் பதினைந்து பிக்சல் புள்ளிகளில் தவிர்க்க முடியாதது.

```python
m = cv2.moments(mask, binaryImage=True)
c = 1 / (12 * m["m00"])
n20, n02, n11 = m["nu20"] + c, m["nu02"] + c, m["nu11"]
```

cv2.moments இற்கு விளிம்புக் கோட்டைக் கொடுக்காமல் கறுப்பு வெள்ளைப் படத்தையே கொடுக்க வேண்டும். விளிம்புக் கோடு பிக்சல் மையங்கள் வழியே செல்வதால், 2×2 சதுரத்தின் பரப்பு 4 என்றில்லாமல் 1 என்றே வரும்.

இத்திருத்தம் பிக்சலின் பரப்பால் வரும் பிழையை மட்டுமே நீக்கும். கமரா விலகும்போது விளிம்புப் பிக்சல்கள் கறுப்பா வெள்ளையா என்பது மாறினால், எண்களும் அசையவே செய்யும். சமச்சீரின்மையைக் காட்டும் மூன்றாம் வரிசைத் திருப்புதிறன்களை இவ்வளவு சிறிய புள்ளிகளில் நம்பலாமா என்று சொல்லுமளவுக்கு எனக்குப் பழக்கமில்லை. தூரத்திலுள்ள பிக்சலின் விலகல் அங்கே மும்மடியாகப் பெருகுவதால், நான் இரண்டாம் வரிசையோடு நின்றுகொள்கிறேன்.