மீன் வண்டி ஹாரனும் பூனையும்: கிளாசிக்கலா, ஆபரன்ட்டா?

ஆசிரியர் தகுதித் தேர்வில் 150 கேள்விகள், அதில் 30 கேள்விகள் குழந்தை மேம்பாடும் கற்பித்தலும் பகுதியிலிருந்து வரும். நான் மாதிரித் தேர்வுகளில் திரும்பத் திரும்ப மதிப்பெண் விட்டது ஒரே இடத்தில்தான்: ஒரு நிகழ்ச்சியைச் சொல்லி, இது பாவ்லவின் ஆக்கநிலையுறுத்தமா, ஸ்கின்னரின் செயல்படு ஆக்கநிலையுறுத்தமா என்று கேட்கும் கேள்வி. கிளாசிக்கல், ஆபரன்ட் என்று ஆங்கிலவழிப் பிள்ளைகள் சொல்வதும் இவைதான். இரண்டையும் பிரித்தறிய மூன்று வழிகளை முயன்று பார்த்துவிட்டு, கடைசியில் ஒன்றைப் பிடித்துக்கொண்டேன்.

முதல் வழி அடையாளத்தை வைத்துச் சொல்வது. நாய், மணி என்றால் பாவ்லவ். எலி, பெட்டி, நெம்புகோல் என்றால் ஸ்கின்னர். நேரடிக் கேள்விக்கு இது போதும், சூழலை மாற்றிக் கேட்டால் உதவாது. அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டாவது, பலரும் சொல்லிக்கொடுக்கும் வழி: வெகுமதி இருந்தால் ஸ்கின்னர், இல்லையென்றால் பாவ்லவ். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் என் மதிப்பெண்ணைத் தின்றது இதுதான். யோசித்துப் பாருங்கள், பாவ்லவின் நாய்க்கும்தான் உணவு கிடைத்தது. அந்த உணவு எதற்கும் பரிசாகத் தரப்படவில்லை, ஓசையைத் தொடர்ந்து வந்தது, அவ்வளவுதான். நாய் எச்சில் ஊறவிட்டாலும் விடாவிட்டாலும் உணவு வந்திருக்கும். தின்பண்டம், பாராட்டு, காசு என்று கேள்வியில் எதையாவது கண்டவுடன் வெகுமதி என்று முடிவுகட்டினால் இந்த இடத்தில் தவறிவிடுவோம்.

நான் பிடித்துக்கொண்ட மூன்றாவது வழி ஒரே ஒரு கேள்வி: அந்த உயிர் அந்தச் செயலைச் செய்யாமல் இருந்திருந்தாலும் அந்தப் பொருள் வந்திருக்குமா? வந்திருக்கும் என்றால் பாவ்லவ். செய்ததால்தான் வந்தது, செய்யாவிட்டால் வந்திருக்காது என்றால் ஸ்கின்னர்.

இதை எங்கள் வீட்டு முற்றத்தில் வைத்தே காட்டுகிறேன். குமரி மாவட்டத்தில் கருங்கல் ஊர்ப் பக்கம் எங்கள் தெருவுக்குக் காலையில் பைக்கில் மீன் வரும். ஹாரன் தெரு முனையில் கேட்கும்போதே பூனைக்குக் காது விடைத்துக்கொள்ளும், நாக்கால் வாயைச் சுழற்றி நக்கும். பிறகு வாசலுக்கு ஓடிப்போய் அம்மச்சியின் காலில் உரசிக்கொண்டு நிற்கும். அம்மச்சி சாளை மீன் வாங்கி, அங்கேயே அரிவாள்மணையில் வைத்துத் தலையைக் கிள்ளிப் பூனைக்குப் போடுவார். பக்கத்து வீட்டில் பி.எட். படிக்கிற பெண் இதைப் பார்த்துவிட்டு, “அக்கா, பூனைக்கு மீன்தலை கிடைக்குல்லா, அப்போ இது ஸ்கின்னர்தானே?” என்று கேட்டாள். பாதிதான் சரி.

வாயை நக்குவதை எடுத்துக்கொள்வோம். வாயில் எச்சில் ஊறுவதால் வருவது அது. பூனை வாயை நக்காவிட்டால் அம்மச்சி மீன்தலை போடாமல் இருந்திருப்பாரா? போட்டிருப்பார். மீன் இயற்கைத் தூண்டல், அதற்கு எச்சில் ஊறுவது இயற்கைத் துலங்கல். ஹாரன் முதலில் பூனைக்கு வெறும் சத்தம்தான், மீனுக்கு முன்னால் திரும்பத் திரும்ப வந்ததால் மீனுக்குரிய துலங்கலை அதுவே எழுப்பும் செயற்கைத் தூண்டலாகிவிட்டது. ஆக, அந்தப் பாதி பாவ்லவ்.

இனி வாசலுக்கு ஓடியதும் காலில் உரசியதும். வரவில்லையென்றால்? தலை கோழிக்குப் போயிருக்கும். வந்ததால் கிடைத்தது, கிடைத்ததால் மறுநாளும் வருகிறது. இது ஸ்கின்னர், மீன்தலை வலுவூட்டி. ஒரே பூனை, ஒரே ஹாரன், ஒரே மீன்தலை, ஆனால் எந்தத் துலங்கலைப் பற்றிக் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்து விடை மாறும். அதனால் கேள்வியைப் படிக்கும்போது முதலில் வினைச்சொல்லின் கீழ் கோடு போடுங்கள். எச்சில் ஊறியது, பயந்தது, நெஞ்சு படபடத்தது என்று இருக்கிறதா, ஓடியது, கை உயர்த்தியது, படித்தது என்று இருக்கிறதா என்று பாருங்கள், அந்த வினையை வைத்து என் கேள்வியைக் கேளுங்கள்.

இங்கே இன்னொரு பொறி உண்டு. ஹாரன் போல ஒரு முன்னறிவிப்பு இருந்தாலே பாவ்லவ் என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். ஸ்கின்னர் வகையிலும் முன்னறிவிப்பு வரும். விளக்கு எரியும்போது நெம்புகோலை அழுத்தினால் மட்டும் எலிக்கு உணவு என்று ஏற்பாடு செய்தால், விளக்கு அணைந்திருக்கும்போது எலி அழுத்துவது குறைந்துவிடும். விளக்கு எச்சிலை வரவழைப்பதற்காக வைத்ததல்ல, இப்போது செய்தால் பலன் உண்டு என்று சொல்கிறது. இதைப் பாகுபடுத்தும் தூண்டல் என்பார்கள். பூனை ஓடுவதைப் பொறுத்தவரை ஹாரனின் வேலையும் இதுதான்.

தானாக நடப்பது என்றால் பாவ்லவ், நாமாகச் செய்வது என்றால் ஸ்கின்னர் என்று பிரித்தால் போதாதா என்று கேட்கலாம். பெரும்பாலும் சரியாக வரும், நானும் வினைச்சொல்லைப் பார்க்கச் சொன்னது அதனால்தான். ஆனால் முடிவை அதை மட்டும் வைத்து எடுக்க வேண்டாம். 1968இல் பிரவுனும் ஜென்கின்ஸும் புறாக்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். சுவரில் ஒரு பொத்தான் சில நொடிகள் ஒளிரும், பிறகு தானியம் வரும். புறா கொத்த வேண்டிய அவசியமே இல்லை. இருந்தும் புறாக்கள் ஒளிரும் பொத்தானைக் கொத்தத் தொடங்கின. கொத்துவது பார்வைக்கு நாமாகச் செய்வதுபோல் இருக்கிறது, ஆகவே ஸ்கின்னர் என்று தோன்றும். என் கேள்வியைப் போடுங்கள்: கொத்தாவிட்டாலும் தானியம் வந்திருக்குமா? வந்திருக்கும். அப்படியானால் பாவ்லவ். அடுத்த வருடம், 1969இல், வில்லியம்ஸ் இணையர் ஒரு படி மேலே போய், கொத்தினால் தானியம் கிடையாது என்றே வைத்துப் பார்த்தார்கள். அப்போதும் புறாக்கள் கொத்திக்கொண்டிருந்தன. பலன்தான் அந்தக் கொத்தலை நடத்தியது என்றால் அது நின்றிருக்க வேண்டும்.

தண்டனை, பயம் சார்ந்த கேள்விகளுக்கும் இதே வழி செல்லும். ஐப்பசியில் எங்கள் பக்கம் சாயங்காலமானால் இடியோடு மழை கொட்டும். மின்னல் வெட்டியதுமே குழந்தை உடம்பைக் குறுக்குகிறது, இடி இன்னும் வரவில்லை. குறுக்கினாலும் குறுக்காவிட்டாலும் இடி வரத்தான் போகிறது: பாவ்லவ். அதே குழந்தை இரண்டு கையாலும் காதைப் பொத்துகிறது. பொத்தினால் சத்தம் குறைவாகக் கேட்கும், பொத்தாவிட்டால் முழுதாகக் கேட்கும்: ஸ்கின்னர். இதிலும் எதிர்மறை வலுவூட்டல், தண்டனை அல்ல. விரும்பாத ஒன்று குறைவதால் காதைப் பொத்தும் பழக்கம் வலுப்படுகிறது. தண்டனையென்றால் செயல் குறைந்திருக்க வேண்டும்.

நான் இதைப் பயன்படுத்தியது நான்கு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளில்தான், விரிவாக எழுதும் தாளில் முயன்றதில்லை. அப்புறம், “மீன் வண்டி வந்ததும் பூனை பரபரப்பாகிறது” என்று மொட்டையாக எழுதிய கேள்வியும் வரும், பரபரப்பு என்பது காது விடைப்பதா ஓடுவதா என்று அதில் தெரியாது. அப்படிப்பட்ட இடத்தில், செயலுக்குப் பிறகு என்ன கிடைத்தது என்று கேள்வியில் ஒரு சொல்லாவது இருக்கிறதா என்று பார்ப்பேன். இல்லையென்றால் பாவ்லவைக் குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவேன்.