எட்டரை வருடம், 17 சோதனைகள்: குடும்பக் கோப்புகளின் ஹேஷ் பட்டியல்

2017 ஜனவரியில் எங்கள் குடும்பப் போட்டோ, வீடியோ, ஸ்கேன் செய்த பத்திரங்கள் எல்லாவற்றுக்கும் ஒரு ஹேஷ் பட்டியல் எடுத்தேன். ஹேஷ் என்பது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை மாதிரி, உள்ளே ஒரு பிட் மாறினாலும் அதுவும் மாறிவிடும். அன்றிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒரு முறை அந்தப் பட்டியலை வைத்து மூன்று டிஸ்க்குகளையும் சரிபார்க்கிறேன். 2025 ஜூலையோடு 17 முறை ஆகிவிட்டது. அதில் நான்கு முறை எச்சரிக்கை வந்தது. நான்குக்கும் நான்கு வேறு காரணங்கள். பிட் ராட் என்று நாம் பயப்படுகிற விஷயம், அதாவது டிஸ்க்கில் சும்மா கிடந்த கோப்பு தானாகக் கெட்டுப்போவது, அதில் ஒன்றே ஒன்றுதான்.

என்னிடம் இருப்பது சுமார் 600 ஜிபி. வீட்டுக் கணினியோடு எப்போதும் இருக்கும் டிஸ்க் ஒன்று, அலமாரியில் கிடக்கும் டிஸ்க் ஒன்று, தம்பி வீட்டில் ஒன்று. மூன்றிலும் ஒரே ஃபோல்டர் அமைப்பு. பட்டியல் எடுப்பதும் சரிபார்ப்பதும் லினக்ஸில் கூடவே வரும் கட்டளைகள்தான்:

```
cd /media/kudumbam
find . -type f ! -name SHA256SUMS -print0 | sort -z | xargs -0 sha256sum > SHA256SUMS
sha256sum -c --quiet SHA256SUMS
```

முதல் இரண்டு வரிகள் பட்டியல் எடுக்க, மூன்றாவது சரிபார்க்க. `--quiet` போட்டால் பிரச்சினை உள்ள கோப்பின் பெயர் மட்டும் திரையில் வரும். யூஎஸ்பி டிஸ்க் நொடிக்கு 100 எம்பி வேகத்தில் படித்தால் 600 ஜிபிக்கு ஒரு மணி நேரம் நாற்பது நிமிடம் ஆகும். ஓடவிட்டுவிட்டு வேறு வேலை பார்க்கலாம்.

இனி 2021 ஜனவரிக்கு வருகிறேன். இந்த எட்டரை வருடத்தில் நான் அதிகம் கற்றுக்கொண்டது அந்த ஒரு வாரத்தில்தான்.

வீட்டு டிஸ்க்கும் தம்பி வீட்டு டிஸ்க்கும் சுத்தமாகத் தேறின. அலமாரி டிஸ்க்கில் 23 கோப்புகள் `FAILED`. அதில் ஒன்று 2008-இல் எடுத்த போட்டோ, 3.2 எம்பி. திறந்து பார்த்தால் மேலே மூன்றில் ஒரு பங்கு நன்றாக இருக்கிறது. அதற்குக் கீழே படம் முழுவதும் பச்சை பாய்ந்து, பக்கவாட்டில் நகர்ந்து நிற்கிறது. ஜேபெக்கில் ஒவ்வொரு கட்டத்தின் நிறமும் அதற்கு முந்தைய கட்டத்திலிருந்து எவ்வளவு மாறுகிறது என்றுதான் எழுதப்படுகிறது. அதனால் நடுவில் ஒரு பிட் புரண்டால் அங்கிருந்து கீழே எல்லாமே சறுக்கிவிடும். ஆனால் ஃபோல்டரில் தெரியும் சின்னப் படம் பளிச்சென்று இருந்தது. கேமரா போட்டோவுக்குள் அந்தச் சின்னப் படம் தனியாக இருக்கும், அதற்கு ஒன்றும் ஆகவில்லை. ஃபோல்டரைக் கண்ணால் மேய்ந்து பார்த்து எல்லாம் சரி என்று சொல்பவர்களை அதற்குப் பிறகு நான் நம்புவதில்லை.

கோப்பின் அளவு அதே, தேதியும் அதே. ஆகவே யாரும் திருத்திச் சேமிக்கவில்லை. சோதனையை இன்னொரு முறை ஓட்டினேன். இது முக்கியமான படி. இரண்டாம் முறை வேறு கோப்புகள் தவறினால், படிக்கும் கணினியிலோ கேபிளிலோதான் கோளாறு என்று அர்த்தம். எனக்கு அதே 23 கோப்புகள் மறுபடி வந்தன. சரி, தப்பு டிஸ்க்கில்தான் எழுதப்பட்டிருக்கிறது. அப்புறம் நல்ல பிரதியையும் கெட்டதையும் பைட் பைட்டாக ஒப்பிட்டேன்:

```
$ cmp -l nalla.jpg ketta.jpg
1184337 144 104
```

முதல் எண் பைட்டின் இடம், மற்ற இரண்டும் அதன் மதிப்புகள். மதிப்புகளை `cmp` எட்டடிமான எண்களாகக் காட்டும். ஹெக்ஸில் 64 என்பது 44 ஆகியிருக்கிறது. வித்தியாசம் 20, அதாவது ஒரே ஒரு பிட் 1-லிருந்து 0-க்கு விழுந்திருக்கிறது. மற்ற 22 கோப்புகளையும் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் கெட்டது ஒற்றை பைட்தான், எல்லாவற்றிலும் அதே பிட், எல்லாமே 1-லிருந்து 0.

இங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது. டிஸ்க் ஒவ்வொரு செக்டருக்கும் பிழை திருத்தும் குறியீடு வைத்திருக்கிறது. தன்னால் திருத்த முடியாவிட்டால் 'படிக்க முடியவில்லை' என்று பிழை தரும். ஒரே ஒரு பிட்டை மட்டும் தவறாக மாற்றி, சத்தமில்லாமல் நீட்டுவது அதன் வழக்கமில்லை. இடங்களின் எண்களை வரிசையாக எழுதி 4096-ஆல் வகுத்துப் பார்த்தேன். 1184337-க்கு மீதி 593. ஒரு வீடியோவில் கெட்ட இடம் 20972113, அதற்கும் மீதி 593. இருபத்து மூன்றுக்கும் 593. ரேமில் கோப்புகள் 4096 பைட் பக்கங்களாகத்தான் உட்காருகின்றன. ஒரு பக்கத்தில் ஒரு பிட் 0-வில் சிக்கிக்கொண்டு நின்றால், அந்தப் பக்கம் வழியாகப் போகும் எந்தக் கோப்பிலும் அதே மீதியில்தான் அடி விழும். அங்கே ஏற்கெனவே 0 இருக்கிற கோப்புகள் தப்பித்துவிடும்.

முந்தின வருடம் அலமாரி டிஸ்க்கைப் புதிதாக மாற்றியபோது, ஒரு பழைய மடிக்கணினியில் வைத்து நகலெடுத்திருந்தேன். எடுத்து முடித்ததும் சரிபார்க்கவில்லை, சோம்பல்தான். அந்த மடிக்கணினியில் ரேமைச் சோதிக்கும் `memtest86+` ஓட்டினேன். முதல் சுற்று முடிவதற்குள் சிவப்புக் கோடுகள், பிழை பிட் 00000020. ஆக, அந்தக் கோப்புகள் அலமாரியில் கிடந்து கெட்டவை அல்ல. அலமாரிக்குப் போகும்போதே கெட்டுத்தான் போயின.

சரிசெய்வதிலும் ஒரு சிக்கல் இருந்தது. வழக்கம்போல் `rsync -a` போட்டால் அது இந்த 23 கோப்புகளையும் தொடாது. அளவும் தேதியும் ஒன்றாக இருந்தால் மாற்றமில்லை என்று தாண்டிப் போய்விடும். `-c` சேர்த்தால் உள்ளடக்கத்தை ஒப்பிடும், ஆனால் திசையை மாற்றிக் கொடுத்துவிட்டால் கெட்டது நல்லதன் மேல் ஏறிவிடும். நான் 23 பெயர்களையும் தனியாக எடுத்து, அலமாரி டிஸ்க்கில் அழித்துவிட்டு, வீட்டு டிஸ்க்கிலிருந்து கையாலேயே நகலெடுத்தேன். பிறகு டிஸ்க்கைக் கழற்றி மறுபடி மாட்டிய பின்தான் சரிபார்த்தேன். எழுதிய உடனே சரிபார்த்தால் கணினி ரேமில் இருப்பதையே படித்துக் காட்டி ஏமாற்றும்.

மற்ற மூன்று எச்சரிக்கைகளைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். 2018 ஜூலையில் வீட்டு டிஸ்க்கில் 312 போட்டோக்கள் தவறின, எனக்கு உயிரே போனது. பார்த்தால் தேதிகள் மாறியிருந்தன. போட்டோ பார்க்கும் மென்பொருளில் நான் நட்சத்திரம் போட்டதை அது கோப்புக்குள்ளேயே எழுதி வைத்திருந்தது. தேதி மாறியிருந்தால் முதலில் மென்பொருளைச் சந்தேகப்படுங்கள். இப்போது காப்பக ஃபோல்டரில் எழுதும் உரிமையையே எடுத்துவிட்டேன்.

இன்னொன்று தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு மட்டும் வருவது. தம்பியின் பழைய மேக் டிஸ்க் வழியாக வந்த ஒரு ஃபோல்டரில் `தொட்டில்.jpg` இருக்கிறது, கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் சோதனை `No such file or directory` என்கிறது. 'தொ'வில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், எகரக் கொம்பும் காலும் என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். மேக்கின் பழைய ஹெச்எஃப்எஸ் பிளஸ் அமைப்பு பெயர்களைப் பிரித்து வைக்கும், என் பட்டியலில் சேர்த்து எழுதியிருந்தது. கோப்பின் உள்ளே ஒரு பைட்கூட மாறவில்லை. காப்பகத்தில் அந்தப் பெயர்களை எல்லாம் ஆங்கில எழுத்துக்கும் எண்ணுக்கும் மாற்றிவிட்டேன், மனசில்லாமல்தான்.

நிஜமான பிட் ராட் 2023 ஜூலையில் தம்பி வீட்டு டிஸ்க்கில். ஒரு வீடியோவில் சோதனை நின்று நின்று போய், `Input/output error` என்று முடிந்தது. `smartctl -A` காட்டிய `Current_Pending_Sector`, அதாவது டிஸ்க் படிக்கத் திணறும் செக்டர்களின் எண்ணிக்கை, பூஜ்யமாக இல்லை. டிஸ்க்கே தன் வாயால் ஒப்புக்கொண்டது. அந்த டிஸ்க்கை மாற்றினேன், மற்ற இரண்டு பிரதிகளும் நன்றாக இருந்தன.

அட்டவணை பற்றி. ஆரம்பத்தில், குறித்த நேரத்தில் கட்டளையைத் தானாக ஓட்டும் `cron`-இல் அதிகாலை இரண்டு மணிக்கு வைத்தேன். அந்த நேரத்தில் கணினி அணைந்திருந்தது, ஓடவே இல்லை. ஓடாததைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லவும் இல்லை. அலமாரியில் கிடக்கும் டிஸ்க்கை எந்த `cron`-உம் எடுத்து மாட்டாது. இப்போது ஜனவரி, ஜூலை முதல் ஞாயிறு போனில் நினைவூட்டல், அவ்வளவுதான். நடுவில் கொஞ்ச நாள், இந்த 17-க்கு வெளியே, மாதா மாதம் செய்து பார்த்தேன். கூடுதலாக ஒன்றும் அகப்படவில்லை, அலுப்புதான் மிச்சம். கெட்ட பிரதி, கடைசி நல்ல பிரதியின் மேல் எழுதப்படுவதற்கு முன் பிடித்துவிட வேண்டும், இடைவெளிக்கு அதுதான் கணக்கு. நான் வருடத்துக்கு ஒரு முறைதான் டிஸ்க்குகளுக்கிடையே புதியவற்றை நகர்த்துகிறேன், அதுவும் சோதனை முடிந்த பிறகே. அதனால் எனக்கு ஆறு மாதம் போதும். தினமும் தானாக பேக்கப் எடுத்துப் பழையதை அழிக்கிறவருக்கு இது போதாது.

ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு வரி எழுதி வைக்கிறேன்: தேதி, எந்த டிஸ்க், பட்டியலில் எத்தனை கோப்பு, ஃபோல்டரில் எத்தனை கோப்பு. அந்தக் கடைசி இரண்டு எண்களும் 2019-இல்தான் சேர்ந்தன. பட்டியலில் இல்லாத கோப்பைப் பற்றி `sha256sum -c` வாயே திறக்காது. ஒரு வருடத்துப் புதுப் போட்டோக்கள் எந்தக் காவலும் இல்லாமல் கிடந்திருக்கின்றன.

பட்டியல் எடுத்த அன்றைக்கு முன்னால் நடந்தது எதையும் இந்த முறை காட்டாது. பாட்டி பேசுகிற ஒரு கேசட்டை 2011-இல் கணினிக்கு மாற்றியிருந்தேன். பதினோராவது நிமிடத்தில் கிறீச்சென்று ஒரு சத்தம், அதற்குப் பிறகு நாலு நொடி ஒன்றுமில்லை. அது கேசட்டிலேயே இருந்ததா, மாற்றும்போது வந்ததா, 2017-க்குள் கோப்பு கெட்டதா, தெரியவில்லை. கேசட்டும் இப்போது இல்லை. 17 சோதனையிலும் அந்தக் கோப்பு ஒரு புகாரும் இல்லாமல் தேறிக்கொண்டிருக்கிறது.