நேராகக் கூட்டுவதா, வர்க்கித்துக் கூட்டுவதா? பத்து நாடா நீளத்தின் கணக்கு

இரண்டு எல்லைக்கற்களுக்கு நடுவே ஏறக்குறைய 300 மீட்டர். என்னிடம் இருந்தது 30 மீட்டர் எஃகு நாடா. பத்து முறை நாடா போட்டு, ஒவ்வொரு முனையிலும் ஆணி அடித்து, அங்கிருந்து அடுத்ததைத் தொடங்கினேன். எல்லாவற்றையும் கூட்டினால் தூரம் வந்துவிடும். வரைபடத்தில் அந்தத் தூரத்தின் பக்கத்தில் பிழை அளவாக என்ன எழுதுவது என்பதில்தான் யோசனை வந்தது.

ஒரு நாடா போடுவதில் எவ்வளவு தவறு வரும் என்று எனக்குத் தெரியும். ஒரே 30 மீட்டரைப் பலமுறை அளந்து பார்த்ததில், அளவுகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறுகின்றன என்று காட்டும் திட்ட விலக்கம் சுமார் 3 மி.மீ. வந்திருந்தது. ஆணி சற்றே சாய்வது, கோட்டைப் பார்க்கும் கண், நாடாவைப் பிடிக்கும் கை எல்லாம் சேர்ந்த அளவு அது. இப்படிப் பத்து அளவைக் கூட்டும்போது மொத்தத்தின் பிழை என்ன?

முதல் வழி, நேராகக் கூட்டுவது. 3 × 10 = 30 மி.மீ. சுலபம், பாதுகாப்பு, யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். ஆனால் பத்துப் பிழைகளும் ஒரே பக்கம் சாயும் என்று வைத்துக்கொள்ளும் கணக்கு இது. ஒவ்வொரு பிழையும் கூடுதலாகவோ குறைவாகவோ சம வாய்ப்போடு வருகிறது என்றால், பத்தும் ஒரே பக்கம் சேர 512-இல் ஒரு வாய்ப்புதான்.

இரண்டாவது வழி, ஒவ்வொரு பிழையையும் வர்க்கித்து, கூட்டி, வர்க்கமூலம் எடுப்பது. பத்து 9-கள் சேர்ந்து 90, அதன் வர்க்கமூலம் 9.5 மி.மீ. நான் இதைத்தான் தேர்ந்தெடுத்தேன். இன்றும் இதன் பக்கம்தான் நிற்கிறேன். ஆனால் முதல் தடவை இதைத் தப்பாகப் பயன்படுத்தினேன். ஒப்பீடு எங்கே முடிவாகிறது என்பது எனக்கு அந்தத் தப்பில்தான் புரிந்தது.

வர்க்கித்துக் கூட்டுவது எங்கிருந்து வருகிறது என்பதை இரண்டே நாடாவில் பார்த்துவிடலாம். ஒவ்வொன்றும் 3 மி.மீ. கூடுதலாகவோ குறைவாகவோ வரட்டும். நான்கு சேர்க்கைகள் உண்டு: இரண்டும் கூடுதல் என்றால் மொத்தம் +6, ஒன்று கூடி ஒன்று குறைந்தால் 0 (இது இரண்டு விதமாக வரும்), இரண்டும் குறைவு என்றால் −6. இந்த நான்கையும் வர்க்கித்துச் சராசரி எடுத்தால் (36 + 0 + 0 + 36) ÷ 4 = 18. அதன் வர்க்கமூலம் 4.24. `√(3² + 3²)` என்று போட்டாலும் அதே 4.24 தான். நேராகக் கூட்டிய 6 என்பது நான்கில் இரண்டு சேர்க்கைகளில் மட்டும் வருகிறது, மற்ற இரண்டில் பிழைகள் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. அந்த அழிதலுக்கு உரிய கழிவை வர்க்கக் கணக்கு கொடுக்கிறது, நேர்க்கணக்கு கொடுப்பதில்லை.

எண்ணிக்கை கூடக்கூட இரண்டு வழிகளுக்கும் இடைவெளி விரியும். இரண்டு நாடாவில் 6-க்கு 4.2, பத்தில் 30-க்கு 9.5, நூறில் 300-க்கு 30. எனவே இரண்டு மூன்று அளவுகளை மட்டும் கூட்டுகிறவர் எந்த வழியில் போனாலும் பெரிய வித்தியாசம் இல்லை. நீளமாகப் போகிறவருக்குத்தான் இந்தத் தேர்வு உண்மையில் முக்கியம்.

சரி, நான் செய்த தப்புக்கு வருகிறேன். மே மாதம், மதியம் இரண்டு மணி வாக்கில் அளந்தேன். போகும்போது 299.941 மீ, திரும்பி வரும்போது 299.949 மீ. வித்தியாசம் 8 மி.மீ. ஒவ்வொரு பயணத்துக்கும் பிழை 9.5 என்றால், இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் 13 மி.மீ. அளவில் இருக்கலாம் என்று வர்க்கக் கணக்கு சொல்லும். கழித்தாலும் பிழைகள் வர்க்கித்துக் கூடத்தான் செய்யும். எனக்கு 8 தான் வந்தது என்பதால் கணக்கு சரி என்று நம்பி, சராசரி 299.945 மீ, பிழை ஒரு பயணத்துக்கான அதே ±9.5 மி.மீ. என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

சில நாள் கழித்து அதே கற்களுக்கு இடையே ஒளிக்கற்றையால் தூரம் அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் கருவியை வைத்துப் பார்த்தார்கள். 300.008 மீ. நான் சொன்னதைவிட 63 மி.மீ. கூடுதல். என் பிழை அளவைப் போல ஆறு மடங்குக்கும் மேல். அந்தக் கருவியின் சொந்தப் பிழை இந்தத் தூரத்துக்கு இரண்டு மூன்று மி.மீ. தான் என்பதால் அதைக் குறை சொல்ல வழியில்லை.

காரணம் வெயில். எஃகு நாடா 20 டிகிரி செல்சியஸில் சரியாக இருக்கும்படி குறிக்கப்படுகிறது. ஒரு டிகிரி கூடினால் 30 மீட்டர் நாடா சுமார் 0.345 மி.மீ. நீளும். அன்று நிழலில் 38 டிகிரி. அதை வைத்துக் கணக்கிட்டாலே 18 டிகிரி கூடுதல், அதாவது ஒரு நாடாவுக்கு 6.2 மி.மீ. நீண்ட நாடாவால் அளந்தால் தூரம் குறைவாகத்தான் படிக்கும். முதல் நாடாவிலும் குறைவு, பத்தாவதிலும் குறைவு. பத்துக்கும் சேர்த்து 62 மி.மீ. இதில் அழிதல் என்ற பேச்சே கிடையாது, ஏனென்றால் பத்து முறையும் போட்டது அதே நாடா, அடித்தது அதே வெயில்.

இந்த ஒப்பீட்டில் முடிவு சொல்வது ஒரே கேள்விதான் என்பது என் கருத்து. பிழைகளுக்கு ஒரே மூலம் இருக்கிறதா, இல்லையா? சர்வே பாடத்தில் இதற்குப் பழைய பெயர்களே உண்டு, ஈடுசெய் பிழை, குவி பிழை என்று. ஆணி சாய்வது ஈடுசெய் பிழை, நாடாக்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தோடு வளரும். வெப்பத்தில் நாடா நீள்வது குவி பிழை, எண்ணிக்கையோடு நேராக வளரும். தனித்தனியாக நடக்கும் பிழைகளை மட்டும்தான் வர்க்கித்துக் கூட்டலாம். எல்லா அளவுக்கும் பொதுவான பிழையை நேராகத்தான் கூட்ட வேண்டும்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நம் ஊரிலேயே எடுத்துக்காட்டு உண்டு. 1802-இல் பிரிட்டிஷ் சர்வேயர் வில்லியம் லாம்டன், தன் சர்வேக்கு அடிப்படையாக, பரங்கிமலை அருகே ஏழரை மைல் அடிக்கோடு அளந்தார். 100 அடி எஃகுச் சங்கிலி, ஏறக்குறைய 400 முறை. ஒவ்வொரு முறையும் அரை மி.மீ. தற்செயல் பிழை என்று வைத்தால், 400-இன் வர்க்கமூலம் 20, மொத்தப் பிழை 10 மி.மீ. தான். ஆனால் சங்கிலியின் வெப்பநிலையை ஒரே ஒரு டிகிரி செல்சியஸ் எப்போதும் ஒரே பக்கமாகத் தப்பாக எடுத்தால், சங்கிலிக்கு 0.35 மி.மீ. வீதம் 400 சங்கிலிக்கு 140 மி.மீ. அரை மில்லிமீட்டரைவிடச் சின்னதாகத் தெரிகிற பிழை, மொத்தத்தில் பதினான்கு மடங்கு பெரிதாகிவிடுகிறது. சங்கிலியை மரப்பெட்டிகளுக்குள் கிடத்தி, கூடார நிழலில், வெப்பமானிகள் வைத்து அவர்கள் அளந்ததற்குக் காரணம் இதுதான்.

அப்புறம் நான் அதே கோட்டை விடியற்காலை ஆறரை மணிக்கு மறுபடி அளந்தேன். 27 டிகிரி. சராசரி 299.986 மீ வந்தது. மதிய அளவோடு 41 மி.மீ. வித்தியாசம். காரணம் வெயில்தான் என்று காட்டிக் கொடுத்தது இதுதான். மதியத்திலேயே போய்த் திரும்பி அளந்தபோது பொதுப் பிழை இரண்டு பயணத்திலும் ஒன்றாக இருந்ததால், வித்தியாசத்தில் அது தெரியவே இல்லை. ஒரே நேரத்தில், ஒரே நாடாவால் எத்தனை முறை அளந்து ஒத்துப்போனாலும் அது தற்செயல் பிழையைத்தான் சோதிக்கிறது. பொதுப் பிழை தெரிய வேண்டுமானால் எதையாவது மாற்ற வேண்டும்: நேரத்தையோ, நாடாவையோ, கருவியையோ. வெப்பத்துக்கான திருத்தம் போட்டதும் விடியற்காலை அளவு 300.010, மதிய அளவு 300.007. டோட்டல் ஸ்டேஷன் சொன்ன 300.008-க்கு இருபுறமும் வந்து நின்றன.

திருத்தம் போட்டுவிட்டால் பொதுப் பிழை பூஜ்யம் ஆகிவிடாது. மண்ணில் கிடக்கும் நாடாவின் வெப்பநிலை காற்றின் வெப்பநிலையாக இருக்காது. மதியம் அதில் 3 டிகிரி ஐயம் வைத்தேன். நாடாவுக்கு 1.035 மி.மீ., பத்துக்கும் நேராகக் கூட்டி 10.35 மி.மீ. ஒரு பயணத்தின் தற்செயல் பிழை 9.5 முன்பே இருக்கிறது. ஆணி சாய்வதற்கும் வெப்பமானி தப்பாகக் காட்டுவதற்கும் சம்பந்தம் இல்லை என்பதால், இந்த இரண்டு மொத்தங்களையும் இப்போது வர்க்கித்துக் கூட்டலாம்:

```
தற்செயல்  = 3 × √10      = 9.5 மி.மீ.
பொது      = 1.035 × 10   = 10.35 மி.மீ.
மொத்தம்   = √(9.5² + 10.35²) = 14 மி.மீ.
```

இதையே ஒவ்வொரு நாடாவுக்கும் முதலில் 3-ஐயும் 1.035-ஐயும் வர்க்கித்துச் சேர்த்து, பிறகு √10-ஆல் பெருக்கியிருந்தால் 10 மி.மீ. என்று வந்திருக்கும். பார்க்க அழகான எண், ஆனால் பொதுப் பிழையைத் தனித்தனிப் பிழை போல நடத்திய எண். எல்லாவற்றையும் நேராகக் கூட்டியிருந்தால் 40. அந்த எண்ணோடு வேலை செய்தால் பெரும்பாலும் தேவையில்லாத பயத்தில் இடம் விட்டுக்கொண்டே போக வேண்டும்.

14 என்பது திட்ட விலக்கம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தோராயமாக மூன்றில் இரண்டு வாய்ப்புக்கான அளவுதான் அது. இருபதில் பத்தொன்பது தடவை உள்ளே இருக்க வேண்டும் என்றால் இரட்டிப்பாக்கி 28 மி.மீ. என்று எழுத வேண்டும். எது எழுதினாலும் எந்த வகை என்று பக்கத்தில் குறிப்பிடுவது நல்லது. ஒரு எண் திட்ட விலக்கமாகவும் இன்னொன்று 'இதற்கு மேல் போகவே போகாது' என்ற எல்லையாகவும் இருந்தால், இரண்டையும் ஒரே வர்க்கமூலத்துக்குள் போடக் கூடாது.

தற்செயல் பிழைகளையும் நேராகக் கூட்டுவதை நான் ஒரே ஒரு இடத்தில் மட்டும் விரும்பி எடுத்திருக்கிறேன். இரண்டு சுவர்களுக்கு நடுவே முன்வார்ப்பு உத்தரம் ஒன்று இறக்க வேண்டியிருந்தது. நீளம் கூடிவிட்டால் கிரேன் நிற்கும்போது செய்வதற்கு ஒன்றும் இல்லை. மூன்று அளவுகள்தான் சேர்ந்தன, மோசமான நிலைக்கே இடம் விட்டோம். அந்த வகை வேலை எனக்கு அந்த ஒருமுறைதான், அதனால் அதை விதியாகச் சொல்ல மாட்டேன்.

நாடாவை இழுக்கும் விசையிலும் எனக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. சில நாள்தான் சுருள்வில் தராசு மாட்டி இழுத்திருக்கிறேன், மற்ற நாட்களில் கைப்பழக்கம்தான். ஒவ்வொரு முறையும் இழுப்பு மாறுகிறது என்று வைத்தால் அது தற்செயல் பட்டியலில் சேரும். ஆனால் ஒரே ஆள் இழுத்தால் எப்போதும் அதிகமாகவே இழுக்கக்கூடும், அப்போது அது பொதுப் பட்டியல். தராசு மாட்டாத நாட்களில் அதைப் பொதுப் பிழையாகவே எழுதிப் பத்தால் பெருக்குகிறேன். எண் பெரிதாகத்தான் வருகிறது, அப்படியே எழுதிக் கொடுக்கிறேன்.