எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர்: பேட்டரி பேக்கிலிருந்து டபுள் ஏ செல்லுக்குத் திரும்பிய கதை

எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் வைத்திருக்கும் நண்பர்களிடமிருந்து எனக்கு வரும் புகார்கள் பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று, கம்பியைச் செருகினாலும் சார்ஜ் ஏறவில்லை. இன்னொன்று, பேட்டரி வேகமாகத் தீர்ந்துவிடுகிறது. இரண்டிலும் கன்ட்ரோலர் பழுதாக இருந்ததை நான் அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன்.

முதல் புகாருக்கு விடை எளிது. இந்தக் கன்ட்ரோலரின் பின்புறம் இரண்டு டபுள் ஏ செல்கள் போடும் இடம் இருக்கிறது. அதில் ரீசார்ஜ் செய்யக்கூடிய செல்களையே போட்டாலும் யூஎஸ்பி கம்பி அவற்றுக்குச் சார்ஜ் ஏற்றாது. கம்பி செருகியிருக்கும் வரை கன்ட்ரோலர் அந்த மின்சாரத்தில் இயங்கும், அவ்வளவுதான். செல்லே இல்லாமலும் இயங்கும். கம்பி வழியாகச் சார்ஜ் ஏற வேண்டுமானால் அதற்கென்று விற்கப்படும் பேட்டரி பேக் வேண்டும்; செல் அறைக்குள் தனியாக இருக்கும் சிறு தொடுமுனைகள் அந்தப் பேக்குக்காக வைக்கப்பட்டவை. தூக்கியெறியும் ஆல்கலைன் செல்லுக்குத் தவறுதலாகச் சார்ஜ் ஏற்றினால் அது கசியும், வெடிக்கவும் கூடும் என்பதால் இந்த ஏற்பாட்டில் எனக்கு வருத்தம் இல்லை.

நான் முதலில் பயன்படுத்தியது வேறொரு நிறுவனத்தின் லித்தியம் அயான் பேக். அதன் முதுகிலேயே யூஎஸ்பி சி துளை இருந்தது. கைப்பேசியின் சார்ஜரில், இரு முனையிலும் சி வடிவம் கொண்ட கம்பியால் இணைத்தால் விளக்கே எரியாது. ஒரு முனை பழைய அகலமான ஏ வடிவமாக உள்ள கம்பியில், பழைய சார்ஜரில் இணைத்தால் உடனே எரியும். பேக் செத்துவிட்டது என்று தூக்கிப் போடுவதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள். காரணம் இதுதான்: சி வடிவச் சார்ஜர், எதிர்ப்பக்கத்தில் 5.1 கிலோ ஓம் மின்தடை இருப்பதை உணர்ந்த பிறகுதான் மின்சாரத்தை விடும். விலை குறைந்த பொருள்கள் பலவற்றில் அந்தத் துளி அளவு மின்தடையைச் சேர்க்காமலே விட்டுவிடுகிறார்கள். ஏ வடிவச் சார்ஜர் எதையும் விசாரிக்காது. செருகியதும் 5 வோல்ட் கொடுத்துவிடும்.

கம்பிப் பிரச்சினை தீர்ந்தாலும் அந்தப் பேக் நீண்ட காலம் உழைக்கவில்லை. விளையாடி முடித்ததும் செருகி, மறுநாள் வரை அப்படியே விட்டுவைப்பது பலருடைய பழக்கம், என்னுடையதும் அதுதான். லித்தியம் அயான் பேட்டரி எப்போதும் முழுச் சார்ஜிலும் வெயில் காலச் சூட்டிலும் கிடந்தால் அதன் கொள்ளளவு வேகமாகக் குறையும். பேக் மூப்படைந்தால் முழுவதையும் மாற்ற வேண்டும். அதே வடிவத்தில் வேறொன்று அன்றைக்குக் கடையில் கிடைக்குமா என்பது உறுதியில்லை. டபுள் ஏ செல் தெருமுனைக் கடையிலும் கிடைக்கும். நான் திரும்பி வந்ததற்கு முக்கியக் காரணம் இதுதான்.

இப்போது என்னிடம் இருப்பவை நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்கள். சும்மா வைத்திருந்தாலும் சார்ஜை எளிதில் இழக்காத வகை. 2005-இல் சான்யோ நிறுவனம் எனெலூப் என்ற பெயரில் இதை அறிமுகப்படுத்தியது. பிறகு அது பானாசோனிக்கிடம் போனது. இன்று பல நிறுவனங்கள் இதே வகையைத் தருகின்றன. 2,000 மில்லியாம்பியர் மணி அளவுள்ள இந்தச் செல்லை, 2,500-க்கும் மேல் போட்டிருக்கும் செல்லைவிட நான் நம்புகிறேன். கொள்ளளவைக் கூட்டிய செல்கள் பொதுவாகக் குறைந்த சார்ஜ் சுற்றுகளே தாங்கும்.

ஆனால் இந்தச் செல்களுக்கு மாறியவர்கள்தான் "வேகமாகத் தீர்கிறது" என்று அதிகம் சொல்கிறார்கள். அதில் பாதி, திரையில் தெரியும் பேட்டரிப் படம் செய்யும் குழப்பம். ஆல்கலைன் செல் 1.5 வோல்ட்டில் தொடங்கிப் படிப்படியாகச் சரியும். நிக்கல் செல் பெரும்பாலான நேரம் 1.2 வோல்ட்டை ஒட்டியே நின்று, கடைசியில் சட்டென்று விழும். மின்னழுத்தத்தை மட்டும் பார்த்துக் கணக்குப் போடும் கன்ட்ரோலருக்கு, நிறைந்த நிக்கல் செல்லும் பாதி தீர்ந்த ஆல்கலைன் செல்லும் ஏறத்தாழ ஒன்றுதான். அதனால் புதிதாகச் சார்ஜ் ஏற்றிப் போட்ட சிறிது நேரத்திலேயே படம் பாதியைக் காட்டும், அதே பாதியில் பல மணி நேரம் ஓடும், பிறகு எச்சரிக்கை வந்த கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடும். படத்தை நம்பாதீர்கள், எத்தனை மணி நேரம் ஓடியது என்பதை மட்டும் பாருங்கள்.

உண்மையிலேயே நேரம் குறைந்திருந்தால் அடுத்த சந்தேகம் செல் ஜோடியின் மேல். இருபது மணி நேரத்துக்கு மேல் தாங்கிக்கொண்டிருந்த என் ஜோடி ஒன்று, ஒரே மாலைக்குள் ஓய்ந்துபோகத் தொடங்கியது. கன்ட்ரோலர் அணைந்த உடனே செல்களைக் கழற்றி மல்டிமீட்டரில் அளந்தேன். ஒன்றில் 1.24 வோல்ட், மற்றதில் 0.9-க்கும் கீழ். இரண்டும் தொடராக இணைந்திருப்பதால் ஒன்று தீர்ந்தாலே மொத்த மின்னழுத்தம் விழுந்துவிடும். நல்ல செல்லில் மிச்சமிருக்கும் சார்ஜ் பயன்படாது. கழற்றியவுடன் அளப்பது முக்கியம். கொஞ்ச நேரம் ஓய்வு கொடுத்தால் நலிந்த செல்லின் அளவும் ஏறி, நல்ல செல்லைப் போலவே நடிக்கும். வேறொரு நல்ல ஜோடியைப் போட்டதும் கன்ட்ரோலர் பழைய நேரத்துக்கு ஓடியது. குற்றம் செல்லுடையது என்று உறுதியானது. அன்றிலிருந்து செல்களில் எண் எழுதி, ஒன்றாக வாங்கியவற்றை ஒன்றாகவே போடுகிறேன்.

நல்ல ஜோடியும் சீக்கிரம் தீர்ந்தால் தொடுமுனைகளை ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். பிறகு Xbox Accessories செயலியில் கன்ட்ரோலருக்குப் புதுப்பிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அதிர்வும் கணிசமாகத் தின்னும். உள்ளே நான்கு மோட்டார்கள் இருக்கின்றன, அவற்றில் இரண்டு ட்ரிகர் விசைகளுக்கே உரியவை. கன்ட்ரோலரில் செருகும் ஹெட்செட்டுக்கும் இதே செல்தான் மின்சாரம் தருகிறது. கார் பந்தய ஆட்டத்தில் அதிர்வை நிறுத்த எனக்கு மனம் வருவதில்லை, செலவானால் ஆகட்டும்.

சார்ஜரில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். செல்களை இரண்டிரண்டாகச் சேர்த்து, நேரக் கணக்கில் சார்ஜ் ஏற்றும் மலிவான சார்ஜர், முன்னதாக நிறைந்துவிட்ட செல்லைச் சூடேற்றிக்கொண்டே இருக்கும். மேலே சொன்ன நலிந்த செல் உருவாவதற்கு இது ஒரு நேர் வழி. ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகக் கவனித்து நிறுத்தும் சார்ஜரை வாங்குங்கள்.

தூக்கியெறியும் செல்லே போதுமா என்பது நீங்கள் விளையாடும் நேரத்தைப் பொறுத்தது. வாரம் பத்து மணி நேரம் ஆடுபவருக்கு, ஒரு ஆல்கலைன் ஜோடி முப்பது மணி நேரம் வந்தால், ஆண்டுக்குச் சுமார் பதினேழு ஜோடிகள் தேவை. ஜோடி 80 ரூபாய் என்றால் 1,360 ரூபாய். நான்கு நிக்கல் செல்களும் நல்ல சார்ஜரும் 2,500 ரூபாய்க்குள் கிடைத்தால், இரண்டாவது ஆண்டு முடிவதற்குள் போட்ட பணம் திரும்பிவிடும். மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆடுபவர் இந்தக் கணக்கில் சேர மாட்டார்; அவருக்கு ஆல்கலைனே போதும். கடிகாரத்துக்கும் டிவி ரிமோட்டுக்கும் வாங்கும் விலை குறைந்த கார்பன் சிங்க் செல்லை மட்டும் போட வேண்டாம், அதிர்வு வரும்போது அதன் மின்னழுத்தம் தாங்காது.

அப்படி எப்போதாவது ஆடுபவர்கள் ஆட்டம் முடிந்ததும் செல்லைக் கழற்றி வைக்க வேண்டும். மறந்துபோன ஆல்கலைன் செல் கசிந்து, தொடுமுனைகளில் வெள்ளைப் பொடி படியும். அது காரத்தன்மை கொண்டது. கையுறை போட்டுக்கொண்டு, வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு நனைத்த பஞ்சால் துடைத்து, பிறகு ஆல்கஹாலால் ஈரத்தைப் போக்கினால் பெரும்பாலும் மீண்டுவிடும். முனையின் முலாம் பச்சையாக அரித்துப்போயிருந்தால் மீள்வது கடினம். அவசரத்துக்கென்று ஒரு ஜோடி ஒதுக்கி வைக்க விரும்பினால், ரீசார்ஜ் செய்ய முடியாத 1.5 வோல்ட் லித்தியம் டபுள் ஏ செல்லை வாங்கி வையுங்கள். விலை அதிகம், ஆனால் ஆல்கலைனைப் போல எளிதில் கசியாது, பல ஆண்டுகள் கழித்து எடுத்துப் போட்டாலும் வேலை செய்யும்.