படத்தில் முத்திரை இருக்கிறது என்று நம்பி வாங்கிய சார்ஜர்: நுகர்வோர் மன்ற மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

நுகர்வோர் மன்றத்து மாணவர்களே, இன்று ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம்: ஆன்லைனில் படம் பார்த்து வாங்கும் போன் சார்ஜர். இந்தப் பொருளில் ஏமாற்று எப்படி நடக்கிறது என்று பாருங்கள்.

விற்பனைப் பக்கத்தில் "65 வாட் ஃபாஸ்ட் சார்ஜர்" என்று தலைப்பு. கீழே ஆறு படங்கள். முதல் படத்தில் பெட்டி, அதன் மூலையில் ஐஎஸ்ஐ முத்திரை, பக்கத்தில் CE என்ற எழுத்துகள். வாங்கியவர்கள் முத்திரையைப் பார்த்ததும் நம்பிவிட்டார்கள். வந்த சார்ஜரில் எந்த முத்திரையும் இல்லை. செருகிய கொஞ்ச நேரத்திலேயே கை வைக்க முடியாத சூடு. விற்றவரிடம் கேட்டால், "படம் மாதிரிக்குத்தான்" என்று பதில். திருப்பி அனுப்பும் கெடுவும் அதற்குள் முடிந்துவிட்டது.

வருத்தம் என்னவென்றால், அந்தச் சார்ஜர் சரியில்லை என்பதற்கான தடயங்கள் பணம் கட்டுவதற்கு முன்பே அந்த ஆறு படங்களுக்குள் இருந்தன.

முதல் தடயம், பெட்டியில் இருந்த ஐஎஸ்ஐ முத்திரையேதான். இந்திய தர நிர்ணய அமைவனம் எல்லாப் பொருளுக்கும் ஒரே முத்திரையைத் தருவதில்லை. அயர்ன் பாக்ஸ், ஹெல்மெட், பொம்மை போன்றவை ஐஎஸ்ஐ முத்திரைத் திட்டத்தில் வருகின்றன. அந்த முத்திரைக்கு மேலே IS என்று தொடங்கும் தர எண்ணும், கீழே CM/L- என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். ஹெல்மெட் என்றால் மேலே IS 4151 என்று இருக்கும். மேலும் கீழும் எண் இல்லாமல் நடுவில் உள்ள சின்னம் மட்டும் இருந்தால், அது வெறும் ஓவியம்.

போன் சார்ஜர், பவர் பேங்க் போன்ற மின்னணுப் பொருள்கள் கட்டாயப் பதிவுத் திட்டம் என்ற வேறொரு திட்டத்தில் வருகின்றன. அவற்றில் CM/L எண் இருக்காது. R- என்று தொடங்கி எட்டு இலக்கங்கள் கொண்ட பதிவு எண் இருக்கும். அதோடு தர எண்ணும் இருக்கும். சார்ஜர்களில் அதிகம் காண்பது IS 13252 (Part 1). புதியவற்றில் IS/IEC 62368 என்றும் வரும். ஆக, சார்ஜர் பெட்டியில் ஐஎஸ்ஐ முத்திரை இருந்தாலே சந்தேகம் வர வேண்டும். முத்திரையை ஒட்டியவருக்கு எந்தப் பொருளுக்கு எது என்றே தெரியவில்லை என்பதை அது காட்டிக்கொடுக்கிறது.

CE என்பது ஐரோப்பியச் சந்தைக்கான குறி. பெரும்பாலான பொருள்களில் தயாரிப்பாளர் தானே உறுதி சொல்லி அதைப் போட்டுக்கொள்கிறார். இந்தியாவில் R- எண்ணுக்கு அது மாற்று ஆகாது. குறுக்குக்கோடு போட்ட குப்பைத்தொட்டிப் படத்துக்கும் பாதுகாப்புச் சோதனைக்கும் தொடர்பு இல்லை. பழுதானால் சாதாரணக் குப்பையில் போடாதே என்பதுதான் அதன் பொருள். குறிகள் நிறைய இருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம், ஒரு R- எண் இருக்கிறதா என்று தேடுங்கள்.

இரண்டாவது தடயம் நான்காவது படத்தில் இருந்தது. சார்ஜரின் விவரங்கள் பெரும்பாலும் பிளக் முனைகள் இருக்கும் பக்கத்திலோ அடிப்பக்கத்திலோ சின்ன எழுத்தில் அச்சாகியிருக்கும். அந்தப் பக்கம் தெரியும் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். இந்தப் படத்தில் Output: 5V 2A என்று இருந்தது. வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட். ஐந்தை இரண்டால் பெருக்கினால் பத்து வாட். தலைப்பில் 65, பொருளில் 10! உண்மையான 65 வாட் சார்ஜரில் 20V 3.25A போன்ற ஒரு வரி இருக்கும். பெருக்கிப் பாருங்கள், 65 வரும். ஐந்தாம் வகுப்புக் கணக்கு இது, ஆனால் அந்தப் படத்தை யாரும் பெரிதாக்கிப் பார்க்கவில்லை.

அதே படத்தில் ஒரு R- எண்ணும் இருந்தது. அதைச் சரிபார்க்க அமைவனத்தின் BIS CARE செயலி போதும். அதில் Verify R-number under CRS என்ற பகுதியில் எண்ணை இடுங்கள். ஐஎஸ்ஐ பொருளாக இருந்தால் Verify License Details என்ற பகுதியில் CM/L எண்ணை இடுங்கள். "பதிவு இருக்கிறது" என்று வந்ததும் செயலியை மூடிவிடாதீர்கள், பலர் தவறுவது அங்கேதான். தயாரிப்பாளர் பெயர், பிராண்ட், எந்தப் பொருளுக்கான பதிவு, பதிவு நடப்பில் உள்ளதா என்று ஒவ்வொன்றாக விற்பனைப் பக்கத்தோடு ஒப்பிட வேண்டும். நம் சார்ஜரின் எண்ணை இட்டால் உண்மையான பதிவுதான் வந்தது. ஆனால் அது எல்இடி பல்பு தயாரிக்கும் வேறொரு நிறுவனத்துடையது. எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய எண்.

இந்தச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. எண் பொருந்தவில்லை என்றால் வாங்கக் கூடாது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் எண் பொருந்தினாலும் பொருள் அசல் என்று உறுதியாகாது, ஏனென்றால் நல்ல பிராண்டின் பெயர், மாடல், எண் எல்லாவற்றையும் அப்படியே நகலெடுத்து அச்சிடும் போலிகளும் இருக்கின்றன. செயலி எண்ணைச் சொல்லுமே தவிர, உங்கள் கையில் இருக்கும் சார்ஜரைத் திறந்து பார்க்காது. அதனால் விற்பவர் யார் என்று பாருங்கள், வாங்கியவர்கள் கருத்துப் பகுதியில் போட்ட படங்களைத் தேடுங்கள். விற்பவர் போட்ட படத்தைவிட அவை நம்பத்தக்கவை. அவற்றில் எழுத்து வேறு மாதிரி இருந்தாலோ, R- எண் இருந்த இடம் காலியாக இருந்தாலோ விட்டுவிடுங்கள். எந்தப் படத்திலும் எண் தெரியவில்லை என்றால், "சார்ஜரில் விவரம் அச்சான பக்கத்து எழுத்து தெளிவாகத் தெரியும்படி ஒரு படம் அனுப்புங்கள்" என்று விற்பவரிடமே கேளுங்கள். கேட்டும் வரவில்லை என்றால் வேறு பொருளைப் பாருங்கள்.

சார்ஜருக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம்? வீட்டு மின்சாரம் 230 வோல்ட், உங்கள் கையில் இருக்கும் கேபிளில் 5 வோல்ட், ஃபாஸ்ட் சார்ஜர் என்றால் 20 வோல்ட் போல. இரண்டும் ஒரே சின்ன டப்பாவுக்குள் இருக்கின்றன. நடுவில் சில மில்லிமீட்டர் இடைவெளியும் மின்காப்பும்தான் பாதுகாப்பு. மலிவாகச் செய்பவர்கள் முதலில் குறைப்பது அதைத்தான், வெளியில் பார்த்தால் எதுவும் தெரியாது. காப்பு உடைந்தால் 230 வோல்ட் நேரே கேபிளுக்கு வந்துவிடும்.

ஆர்டர் போடும் முன் எல்லாப் படங்களையும், தலைப்பையும், விற்பவர் பெயரையும் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். புகார் வந்த பிறகு பக்கத்தை மாற்றிவிட்டால் உங்களிடம் ஆதாரம் இருக்காது. பார்சலைப் பிரிக்கும்போது ஒரே தொடர்ச்சியாக வீடியோ எடுங்கள். செருகுவதற்கு முன் பொருளில் உள்ள எண்ணையும் மாடலையும் படத்தோடு ஒப்பிடுங்கள். மாறியிருந்தால் செருகிப் பார்க்கவே வேண்டாம், அன்றே திருப்பி அனுப்பக் கேளுங்கள்.

மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. முத்திரையையோ எண்ணையோ தவறாகப் பயன்படுத்தியிருந்தால் அது தனிக் குற்றம். பணம் திரும்பக் கிடைத்துவிட்டாலும் BIS CARE செயலியின் புகார்ப் பகுதியில் பதிவு செய்யுங்கள். விற்பனைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், பொருளில் உள்ள எழுத்தின் நெருக்கமான படம், பில், செயலி காட்டிய பதிவு விவரம் ஆகிய நான்கையும் சேர்த்து அனுப்புங்கள்.