உறிஞ்சுகுழியா, உறிஞ்சு அகழியா?

ஐந்து பேர் வாழும் வீட்டின் செப்டிக் டேங்க்கிலிருந்து நாளொன்றுக்கு 500 லிட்டர் நீர் வெளியேறுவதாகவும், நனைத்து ஊறவைத்த சோதனைக் குழியில் நீர்மட்டம் 25 மி.மீ. இறங்க 16 நிமிடம் ஆவதாகவும் கொள்வோம். இந்தியத் தர நிர்ணயத்தின்படி, 204 என்பதை 16இன் வர்க்கமூலமான 4ஆல் வகுத்தால், ஒரு சதுர மீட்டர் மண் நாளொன்றுக்கு 51 லிட்டரை ஏற்கும். ஆகவே ஏறத்தாழ 10 சதுர மீட்டர் பரப்பு வேண்டும்.

உறிஞ்சுகுழியில் பக்கச்சுவர் மட்டுமே கணக்கில் சேரும் என்பதால், 1.6 மீட்டர் விட்டத்துடன், நீர் நுழையும் குழாய்க்குக் கீழே 2 மீட்டர் ஆழம் தேவைப்படும். அதை நிரப்ப 4 கன மீட்டர் கல் பிடிக்கும், குழாயோ சில மீட்டரே போதும்.

அகழியில் அடிப்பரப்பே கணக்கு. 0.6 மீட்டர் அகலத்தில் 17 மீட்டர் நீளம் வேண்டும், அதை 8.5 மீட்டர் கொண்ட இரண்டாகப் பிரித்து, 1.8 மீட்டர் இடைவெளி விடலாம். 35 செ.மீ. தடிமனுக்கு ஏறக்குறைய மூன்றரை கன மீட்டர் கல்லும், 6 மீட்டர் நீளமுள்ள 100 மி.மீ. துளைக்குழாய் மூன்றும் ஆகும்.

கல் செலவு ஏறத்தாழ ஒன்றே என்பதால், முடிவு செய்ய வேண்டியது நிலத்தடி நீர்மட்டமே: மழைக்காலத்தில் அது மேலேறும் டெல்டாப் பகுதியில், இடம் அதிகம் பிடித்தாலும், ஆழம் குறைந்த அகழியையே நான் பரிந்துரைப்பேன். எதுவாயினும் கல்லைக் கழுவாமல் இட்டால், அதன் தூசியே மண் துளைகளை அடைத்துவிடும்.