‘செம்மீன்’: தமிழிலா, ஆங்கிலத்திலா?

தகழி சிவசங்கரப் பிள்ளையின் ‘செம்மீன்’ 1956இல் வந்த மலையாள நாவல். மலையாளம் படிக்கத் தெரியாத தமிழர் முன்னால் இரண்டு வழிகள் இருக்கின்றன: சுந்தர ராமசாமியின் தமிழாக்கம், அல்லது நாராயண மேனன், அவருக்குப் பல ஆண்டுகள் கழித்து அனிதா நாயர் செய்த ஆங்கில மொழிபெயர்ப்புகள்.

உரையாடலைப் பொறுத்தவரை எனக்குச் சந்தேகமே இல்லை, தமிழ்தான். தன் அப்பா செம்பன்குஞ்ஞு வள்ளமும் வலையும் வாங்கப் போகிறார் என்று கறுத்தம்மா பரீக்குட்டியிடம் சொல்வதில் கதை தொடங்குகிறது. மூலத்தில் அவள் அவனைக் கூப்பிடுவது ‘கொச்சுமுதலாளி’ என்று, அதாவது சின்ன முதலாளி. மீன் வாங்கும் வியாபாரி அவன். அவனிடம் பணத்துக்குக் கைநீட்டப் போகும் வீடு அவளுடையது. செல்லமும் சீண்டலும் ஏற்றத்தாழ்வும் அந்த ஒரே அழைப்பில் கலந்திருக்கின்றன. முதலாளி நமக்கும் முதலாளிதான். குமரிக் கடற்கரைக்கு வள்ளமும் அந்நியமில்லை. யார் யாரை ‘நீ’ என்கிறார்கள் என்பதும் தமிழில் தப்பிப் பிழைக்கும். ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே முன்னிலைச் சொல்.

ஆனால் தமிழ் ஓர் இடத்தில் மூலத்தைவிட அதிகம் பேசிவிடும். மலையாள வினைமுற்றில் ஆண், பெண், மரியாதை எதுவும் தெரியாது. ‘அவன்’ என்பதற்கும் மரியாதையான ‘அத்தேஹம்’ என்பதற்கும் நடுவே ‘அயாள்’ என்று பட்டும் படாமலும் சொல்லவும் அங்கே வசதியுண்டு. தமிழில் அந்த நடுவிடம் இல்லை. ‘வந்தான்’ அல்லது ‘வந்தார்’. கடன் வாங்கி வள்ளக்காரனாகி, கடன் கொடுத்தவனையே கைவிடும் செம்பன்குஞ்ஞு போன்ற ஆளிடம் கதைசொல்லி எவ்வளவு தள்ளி நிற்கிறார் என்பதை மொழிபெயர்ப்பாளர் வரிக்கு வரி முடிவு செய்தாக வேண்டும். இதை இழப்பு என்று சொல்ல மாட்டேன். தமிழில் அந்த மனிதன் இன்னும் கூர்மையாகத் தெரிவான்; கூர்மை தகழியுடையதல்ல, அவ்வளவுதான்.

ஆங்கிலம் முந்தும் இடமும் உண்டு. கடற்கரைச் சாதிகளை நாவல் அடுக்கும்போது ‘மரக்கான்’ வருகிறது. தமிழ்க் காது அதை மரக்காயர் என்று எடுத்துக்கொண்டு முஸ்லிம் வணிகரை நினைத்துவிடும். நாவலில் அவர்கள் மீனவர். ஆங்கிலத்தில் படிப்பவருக்கு அது முன்பின் கேட்டிராத பெயர், அதனால் நின்று கவனிப்பார். நெருங்கிய மொழி தரும் தெரிந்த பாவனைதான் தமிழாக்கத்தில் நாம் தடுக்கி விழும் இடம்.

‘சாகர’யில் இரண்டு வழிகளுமே திணறும். மழைக்காலத்தில் ஆலப்புழைக் கரையோரம் சேறு திரண்டு, அலை அடங்கி, மீன் குவியும் நிகழ்வு அது. கொந்தளிக்கும் பருவத்தில் அந்த ஒரு துண்டுக் கடல் மட்டும் ஏன் அமைதியாகக் கிடக்கிறது என்பது புரியாவிட்டால், கரையில் கூடும் கூட்டமும் புரளும் பணமும் வெறும் திருவிழாவாகிவிடும். எந்த மொழியில் எடுத்தாலும் இதை முதலில் தெரிந்துகொண்டு உள்ளே போவது நல்லது.